அக்கா கல்யாணத்தில் டோஸ்ட்: தம்பிக்கு இரண்டு நிமிடம் போதும்

டோஸ்ட் என்பது மணமக்களை வாழ்த்திக் கோப்பையைத் தூக்கச் சொல்லும் சின்னப் பேச்சு. அதைச் சொல்லும்போது கூட்டம் முழுக்கக் கோப்பையோடு காத்திருக்கும். நீட்டி முழக்கினால் ஸ்பார்க்ளிங் ஒயினில் குமிழ் அடங்கிவிடும், கேட்பவர்களின் பொறுமையும்தான். அதனால் இரண்டு நிமிடத்துக்குள் முடிப்பதுபோல் எழுதுங்கள்.

1. கடைசி வரியை முதலில் எழுதுங்கள்

"அவ்வளவுதான், நன்றி" என்று முடித்தால் கைதட்டுவார்கள், கோப்பையைத் தூக்க மாட்டார்கள். எல்லோரும் என்ன செய்ய வேண்டும், யாருக்காகக் குடிக்க வேண்டும் என்பதை அந்த வரியே சொல்ல வேண்டும்.

2. ஒரே ஒரு சம்பவம்

அக்காவின் குணம் ஒன்று தெரிகிற சம்பவமாக எடுங்கள். அடி உங்கள் மேல் விழட்டும், பெருமை அவளுக்குப் போகட்டும். பழைய காதல், எடை, மாப்பிள்ளைக்கு முன் வந்த வரன்கள் எல்லாம் வேண்டவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அவர் நெளிந்தால் வெட்டிவிடுங்கள்.

3. அங்கிருந்து மாப்பிள்ளை பக்கம் திரும்புங்கள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். அக்காவைப் பற்றியே பேசிவிட்டு மாப்பிள்ளையை மறந்துவிடுவார்கள். அதே சம்பவத்தை வைத்தே அவரையும் உள்ளே இழுக்கலாம். இப்படி:

> "எல்லாருக்கும் வணக்கம், நான் பொண்ணோட தம்பி. சின்ன வயசுல நான் பந்தடிச்சு பக்கத்து வீட்டு ஜன்னலை உடைச்சேன். அப்பா வந்து கேட்டப்போ அக்கா, 'நான்தான்பா உடைச்சேன்'னு சொல்லிட்டா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அடுத்த மூணு மாசம் அவ சைக்கிளை நான்தான் துடைச்சேன்.
>
> மாமா, உங்களுக்கு ஒண்ணுன்னா இவ முன்னாடி வந்து நிப்பா. பில் மட்டும் பின்னாடி வரும், தவணை முறையில. ஆனா உங்களைப் பார்த்த அன்னிக்கு இவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதுக்காக நான் இன்னும் எத்தனை சைக்கிள் வேணாலும் துடைப்பேன்.
>
> எல்லாரும் கிளாஸை எடுங்க. அக்காவுக்கும் மாமாவுக்கும்!"

"துடைச்சேன்" வரியின் கடைசியில் நிற்பதைக் கவனியுங்கள். சிரிப்பு வரவேண்டிய சொல்லுக்குப் பின்னால் எதையும் ஒட்டாதீர்கள். அங்கே நிறுத்தி, சிரிப்பு அடங்கிய பிறகே "மாமா" என்று தொடங்குங்கள். சிரிப்பே வரவில்லையா? விளக்கம் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

4. கோப்பை

எல்லோருக்கும் ஊற்றியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். மது அருந்தாதவர்கள் கையில் ஜூஸ் இருந்தாலும் போதும். கூட்டத்தை அமைதிப்படுத்தக் கோப்பையைக் கரண்டியால் தட்ட வேண்டாம், மெல்லிய கண்ணாடி விரிசல் விடலாம். ஒரு கையில் மைக் இருப்பதால் கடைசி வரி வரும்வரை கோப்பை மேஜையிலேயே இருக்கட்டும். பிறகு தண்டைப் பிடித்துத் தூக்குங்கள். கிண்ணத்தைப் பிடித்தால் கைச்சூட்டில் ஒயின் வெதுவெதுப்பாகிவிடும்.

ஒரு வாய் மட்டும் குடியுங்கள். மடமடவென்று குடித்தால் ஏப்பம் வரும், அதுவும் மைக்கில்.