சுற்றறிக்கையில் கட்டணம் தவறாகப் போய்விட்டதா? பெற்றோருக்குத் திருத்தக் கடிதம் எழுதும் முறை

ஆறாம் வகுப்புக் கல்விச் சுற்றுலாவுக்கான சுற்றறிக்கை வெள்ளிக்கிழமை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் கட்டணம் 540 ரூபாய் என்று இருக்கிறது. உண்மையில் முடிவான தொகை 450. திங்கட்கிழமை காலை ஒருவர் இதைக் கவனிப்பதற்குள் சில குடும்பங்கள் 540 கட்டி ரசீதும் வாங்கிவிட்டன. இந்த ஒரு நிலைமையை எடுத்துக்கொண்டு, திருத்தக் கடிதத்தை முதலிலிருந்து எழுதிப் பார்க்கலாம். தேதி தவறிப்போனால் என்ன மாறும் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

1. எழுத உட்காரும் முன்

பதற்றத்தில் உடனே ஒரு வரி தட்டிக் குழுவில் போட்டுவிடத் தோன்றும். வேண்டாம். திருத்தத்துக்கே ஒரு திருத்தம் அனுப்ப நேர்ந்தால், அதன் பிறகு எந்தத் தொகையைச் சொன்னாலும் பெற்றோர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் நம்புவார்கள்.

முதலில் சரியான தொகையை, அதை முடிவு செய்தவரிடமே உறுதி செய்துகொள்ளுங்கள். தட்டச்சு செய்தவரின் நினைவும் பழைய வரைவும் போதாது. தலைமையாசிரியர் கையெழுத்திட்ட குறிப்பையோ கணக்குப் பிரிவின் பதிவேட்டையோ பாருங்கள்.

அடுத்து, தவறு எப்படி வந்தது என்று பாருங்கள். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல. அது ஒரே இடத்தில் நிற்கிறதா, மற்ற இடங்களுக்கும் பரவியிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். 540-க்கும் 450-க்கும் வித்தியாசம் 90. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். கணக்கர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் சோதனை இது. இங்கே வகுபடுகிறது என்பதால் தட்டச்சில் இலக்கம் புரண்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் பிழை அந்த ஓர் எண்ணோடு நின்றிருக்கலாம். மாறாக, போன வருடக் கோப்பைத் திறந்து மாற்றி எழுதியதால் வந்த பிழை என்றால் கதை வேறு. கடைசி நாள், புறப்படும் நேரம், தொடர்பு எண் எல்லாமே பழையவையாக இருக்கக்கூடும். எப்படியிருந்தாலும் சுற்றறிக்கையில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் மூலக் குறிப்போடு ஒத்துப்பாருங்கள். இரண்டு மொழிகளில் அனுப்பியிருந்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் பிழை இருப்பது சகஜம்.

மூன்றாவது வேலை: யார் யார் ஏற்கெனவே பணம் கட்டினார்கள் என்ற பட்டியல். ரசீதுப் புத்தகத்தை வைத்து எழுதிவிடலாம். இந்தப் பட்டியல் இல்லாமல் எழுதும் கடிதத்தில், பணம் கட்டியவர்களுக்கு என்ன பதில் என்பது மழுப்பலாகத்தான் வரும்.

2. பொருள் வரியிலேயே சரியான தொகை

திருத்தக் கடிதத்துக்குப் புதிய சுற்றறிக்கை எண்ணும் புதிய நாளும் கொடுங்கள். பழைய எண்ணிலேயே மாற்றி அனுப்பினால் ஒரே எண்ணில் இரண்டு தாள்கள் சுற்றும்; எது சரி என்று பின்னால் அலுவலகத்துக்கே தெரியாது.

பொருள் வரி “திருத்தம்” என்ற சொல்லில் தொடங்கட்டும், அதே வரியில் சரியான தொகையும் இருக்கட்டும். பலர் போனில் அறிவிப்பாகத் தெரியும் ஒரு வரியைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். “முக்கிய அறிவிப்பு” என்று மட்டும் இருந்தால் அவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

3. தவறான எண் ஒரே ஒரு முறை

தவறான தொகையைச் சொல்லவே கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். சொல்லாவிட்டால், கையில் உள்ள தாளில் எதைத் திருத்த வேண்டும் என்று பெற்றோருக்குப் புரியாது. ஆனால் ஒரு முறை போதும், அதுவும் சரியான தொகைக்குப் பிறகு. சரியான தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, அதை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள். “தவறு”, “சரி” என்று இரண்டு கட்டம் போட்ட அட்டவணை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் யாராவது அதைப் பாதியாக வெட்டிப் படமாக அனுப்பினால் தவறான எண் மறுபடியும் ஊர்வலம் கிளம்பிவிடும். ஒரே வாக்கியமாக எழுதுவதே பாதுகாப்பு.

அதை அடுத்து, மாறாதவை எவை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். “மற்ற விவரங்களில் மாற்றமில்லை” என்று பொதுவாகச் சொன்னால், கடைசி நாளும் மாறிவிட்டதோ என்ற சந்தேகத்தில் அன்று முழுக்கப் போன் வரும்.

4. கட்டியவர்கள், கட்டாதவர்கள்

கடிதத்தின் உயிர் இந்தப் பகுதி. கட்டாதவர்களுக்கு ஒரு வரி போதும்: 450 கட்டினால் போதும். கட்டியவர்களுக்கு நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்: எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எப்போது, எங்கே, எதைக் கொண்டுவர வேண்டும். “கூடுதல் தொகை திருப்பி வழங்கப்படும்” என்று நிறுத்திவிட்டால் இந்த நான்கில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

மீதித் தொகையைப் பிள்ளைகளிடம் ரொக்கமாகக் கொடுத்தனுப்பாதீர்கள். வழியில் தொலைந்தால் இரண்டாவது மனத்தாங்கல் தொடங்கும். வங்கி வழியாகக் கட்டியவர்களுக்கு அதே கணக்கிலேயே திருப்பி அனுப்பலாம். ரொக்கமாகக் கட்டியவர்கள் அலுவலகத்தில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த பருவக் கட்டணத்தில் கழித்துக்கொள்கிறோம் என்று பள்ளியே முடிவு செய்துவிடக் கூடாது. அதை ஒரு வசதியாகச் சொல்லி, விருப்பத்தைப் பெற்றோரிடம் விடுங்கள்.

தவறு எதிர்ப்பக்கம் போயிருந்தால், அதாவது குறைவான தொகை அச்சாகியிருந்தால், கடிதம் இன்னும் கடினம். அப்போது முதல் கேள்வி: இந்த வித்தியாசத்தைப் பள்ளியே ஏற்றுக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் திருத்தக் கடிதமே தேவையில்லை. முடியாது என்றால், மீதியைக் கட்டப் புதிய கடைசி நாள் கொடுங்கள். சேர விருப்பமில்லாதவர்கள் கட்டிய பணத்தை முழுதாகத் திரும்பப் பெறலாம் என்றும் எழுதுங்கள். பழைய தொகையை நம்பிச் சம்மதித்தவர்கள் அவர்கள்.

5. வருத்தம் ஒரு வரி

“சிரமம் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறோம்” என்பதில் வரும் “ஏற்பட்டிருப்பின்” வேண்டாம். சிரமம் ஏற்பட்டதால்தானே கடிதமே எழுதுகிறோம். “அச்சுப் பிழை காரணமாக” என்ற சமாதானமும் வேண்டாம். தவறு எங்களுடையது, வருந்துகிறோம். அவ்வளவுதான். இன்னாரால் நேர்ந்தது என்று எந்த ஊழியரையும் கடிதத்தில் சுட்டாதீர்கள்.

6. முழுக் கடிதம்

> சுற்றறிக்கை எண்: 48
> நாள்: 24.02.2026
>
> பொருள்: திருத்தம் – ஆறாம் வகுப்புச் சுற்றுலாக் கட்டணம் ரூ. 450
> பார்வை: சுற்றறிக்கை எண் 46, நாள் 20.02.2026
>
> அன்புள்ள பெற்றோர் / பாதுகாவலர்களுக்கு,
>
> வணக்கம். ஆறாம் வகுப்புக் கல்விச் சுற்றுலாவுக்கான கட்டணம் ரூ. 450 (நானூற்று ஐம்பது ரூபாய்). 20.02.2026 அன்று அனுப்பிய சுற்றறிக்கையில் இது ரூ. 540 எனத் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. தவறு எங்களுடையது, வருந்துகிறோம்.
>
> சுற்றுலா நாள் (12.03.2026, வியாழன்), புறப்படும் நேரம், பணம் கட்டக் கடைசி நாள் (06.03.2026, வெள்ளி) ஆகியவற்றில் மாற்றமில்லை.
>
> இதுவரை கட்டாதவர்கள் ரூ. 450 மட்டும் கட்டவும்.
>
> ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு ரூ. 90 திருப்பித் தரப்படும். வங்கி வழியாகக் கட்டியிருந்தால் 06.03.2026-க்குள் அதே கணக்கில் வந்து சேரும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ரொக்கமாகக் கட்டியவர்கள் 26.02.2026 முதல் பள்ளி வேலை நாட்களில் காலை 9 முதல் மாலை 4 மணிக்குள் அலுவலகத்தில் ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். ரசீது கைவசம் இல்லையென்றாலும் எங்கள் பதிவேட்டைப் பார்த்துத் தருவோம்.
>
> பழைய சுற்றறிக்கைக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளவும். விளக்கம் தேவைப்பட்டால் அலுவலகத் தொலைபேசியில் கேட்கலாம்.
>
> இப்படிக்கு,
> தலைமையாசிரியர்

ரசீது இல்லாதவர்களுக்கான வரியைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டால், ரசீதைத் தொலைத்தவர் 90 ரூபாய் போனது போகட்டும் என்று வராமலே இருந்துவிடுவார். கடைசி நாளை மாற்றாமல் விட்டதற்கும் காரணம் உண்டு: தொகை குறைந்ததால் யாருக்கும் கூடுதல் அவகாசம் தேவைப்படவில்லை.

7. அனுப்பும்போது

பழைய சுற்றறிக்கை போன எல்லா வழிகளிலும் இதுவும் போக வேண்டும். தாளாகக் கொடுத்திருந்தால் தாளாக, வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் அங்கேயும். தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனி முகவரியில் அனுப்பிய வீடுகள் இருந்தால் இருவருக்கும். குழுவில் உள்ள பழைய செய்தியை நீக்க முடிந்தால் நீக்குங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ஏற்கெனவே இறக்கி வைத்தவர்களின் போனில் அந்தக் கோப்பு அப்படியே இருக்கும். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். இது மிக அடிக்கடி மறந்துபோகும் இடம்.

கடிதம் வெளியே போவதற்கு முன்பே வகுப்பாசிரியர்களுக்கும் போன் எடுப்பவருக்கும் பணம் வாங்குபவருக்கும் பிரதி கொடுத்துவிடுங்கள். கடிதத்தில் 450 என்று படித்துவிட்டு வரும் பெற்றோரிடம் கவுன்டரில் 540 கேட்டால் எல்லாம் வீண்.

8. தேதி தவறியிருந்தால்

அச்சான நாளைவிட உண்மையான நாள் முந்தியதா, பிந்தியதா என்று முதலில் பாருங்கள். முந்தியது என்றால் கடிதம் மட்டும் போதாது. நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று நாளே இருந்தால், கடிதம் போன அன்றே ஒப்புகைச் சீட்டு கேட்டு, சீட்டு வராத வீடுகளுக்கு வகுப்பாசிரியர் போன் செய்ய வேண்டும்.

தேதியோடு கிழமையையும் எழுதுவது இங்கே கட்டாயம். “13.03.2026, வியாழன்” என்று ஒரு சுற்றறிக்கை போயிருந்தால், பாதிப் பேர் 13 என்றும் மீதிப் பேர் வியாழன் என்றும் மனதில் வைத்திருப்பார்கள், ஏனென்றால் அந்த 13-ஆம் தேதி வெள்ளி. அதனால் திருத்தத்தில் இரண்டு நாட்களையும் சொல்ல வேண்டும்: “சுற்றுலா 12.03.2026, வியாழக்கிழமை. 13.03.2026, வெள்ளியன்று வழக்கம்போல் வகுப்புகள் நடைபெறும்.” இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால், அந்த வெள்ளியன்று சில பிள்ளைகள் சீருடையும் புத்தகமும் இல்லாமல் வந்து நிற்பார்கள். “நாளை”, “வரும் வியாழன்” போன்ற சொற்களைத் திருத்தக் கடிதத்தில் எங்கும் எழுதாதீர்கள். அதை வீட்டில் எந்த நாளில் படிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.