இரண்டாவது கிளை திறக்கலாமா? விடைத்தாளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

வணிகவியல் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சிக் கணக்கு இது. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு குடும்பம் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறது. அப்பா கல்லாவில், அம்மா அடுப்படியில், மகன் பரிமாறும் இடத்தில். கடைவீடு பாட்டியின் பெயரில் இருக்கிறது. இப்போது பொங்கோலில் ஒரு கடைத்தொகுதியில் இடம் கிடைக்கிறது. அங்கே இரண்டாவது கிளை திறக்கலாமா என்பதுதான் கேள்வி. குடும்பமும் அதன் எண்களும் கற்பனை. வரியும் வேலை அனுமதி விதியும் சிங்கப்பூரில் உள்ளபடியே.

முதல் கடையின் மாதக் கணக்கு இப்படி: விற்பனை 72,000 வெள்ளி. மளிகை, காய்கறி, மீன், இறைச்சிக்கு 22,000. ஊழியர் சம்பளம் 17,000. மின்சாரம், எரிவாயு, துப்புரவு போன்றவற்றுக்கு 7,000. பாட்டிக்குக் கொடுக்கும் வாடகை 4,000. மீதி 22,000 வெள்ளி. பெரும்பாலான விடைத்தாள்களில் அடுத்த வரி, "புதிய கிளையும் ஏறத்தாழ இதே லாபம் தரும்" என்று தொடங்குகிறது. கணக்கு தடம் மாறுவது அந்த வரியில்தான்.

அந்த 22,000 வெள்ளியில் எவ்வளவு கடை சம்பாதித்தது, எவ்வளவு குடும்பம் சம்பாதித்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாட்டி வெளியாருக்கு விட்டால் மாதம் 10,000 வாடகை வரும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 6,000 வெள்ளி, பாட்டி விட்டுக்கொடுத்த பணம். அப்பா, அம்மா, மகன் மூவரும் சம்பளம் வாங்குவதில்லை. அவர்கள் இடத்தில் ஒரு மேலாளரை 4,000க்கும், ஒரு தலைமைச் சமையல்காரரை 4,000க்கும், ஒரு மேற்பார்வையாளரை 3,000க்கும் அமர்த்தினால் 11,000 ஆகும். 55 வயதும் அதற்குக் குறைவும் உள்ள உள்ளூர் ஊழியருக்கு முதலாளி கட்டவேண்டிய மத்திய சேம நிதிப் பங்கு 17%. அதையும் சேர்த்தால் 12,870. ஆக 22,000லிருந்து 6,000ஐயும் 12,870ஐயும் கழித்தால் நிற்பது 3,130 வெள்ளி. விற்பனையில் நூற்றுக்கு நான்கு வெள்ளியைச் சற்றே தாண்டும் லாபம் அது.

இதைப் படித்ததும் சிலர் எதிர்த்திசையில் தவறு செய்கிறார்கள்: முதல் கடையை மூடிவிடலாம் என்று எழுதுகிறார்கள். அது கேள்வியே அல்ல. அந்தக் குடும்பம் உழைக்கும்வரை மாதம் 22,000 வெள்ளி கையில் வருகிறது என்பது உண்மை. ஆனால் அம்மா ஒரே நேரத்தில் இரண்டு அடுப்படியில் நிற்க முடியாது. பொங்கோல் கடைத்தொகுதிக்காரர் பாட்டியும் அல்ல. முதல் கடையில் இலவசமாகக் கிடைத்ததெல்லாம் இரண்டாவதில் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. முன்னறிவிப்புக்கு ஆதாரமாக எடுக்க வேண்டிய எண் அதனால்தான் 3,130.

புதிய கிளையை இப்போது தனியாகக் கணக்கிடுவோம். ஓராண்டில் நிலைபெற்ற பின் வரி நீங்கலாக மாத விற்பனை 66,000 என்று குடும்பம் கணிக்கிறது. மூலப்பொருளுக்கு 20,000, வெளியிலிருந்து அமர்த்தும் மேலாளர், சமையல்காரர் உட்பட ஊழியருக்கு 24,000, மின்சாரம், பராமரிப்புக்கு 7,000. அடிப்படை வாடகை 11,000. கடைத்தொகுதிகளில் அதற்கு மேல் விற்பனையில் ஒரு பங்கும் கேட்பது வழக்கம். அது 1% என்றால் 660. எல்லாம் போக 3,340 வெள்ளி. "லாபம் வருகிறது, திறக்கலாம்" என்று இங்கே பேனாவை மூடிவைப்பவர்கள் பலர்.

அவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்கவில்லை. ஒன்று, கடை அலங்காரச் செலவு. புகைபோக்கி, கொழுப்புப் பொறி, மேசை நாற்காலி, குத்தகை முடிந்ததும் இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு எல்லாம் 144,000 வெள்ளி என்போம். அதை ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று தேய்மானம் போட்டு எழுதுகிறார்கள். குத்தகை மூன்று ஆண்டுதான். புதுப்பிப்பார்கள் என்று எழுத்தில் எந்த உறுதியும் இல்லை. சுவரில் பதித்த குழாயைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 4,000. மூன்று மாத வாடகை முன்பணமாக 33,000 வேறு முடங்கும். அது திரும்ப வரும் பணம் என்பதால் செலவில் சேராது. ஆனால் முதல் நாளே கையிலிருந்து போகும், ரொக்கக் கணக்கில் அதைக் காட்ட வேண்டும்.

இரண்டாவது இடம் முதல் கடைக்குள்ளேயே இருக்கிறது. விடைத்தாள்களில் நான் மிக அரிதாகவே பார்ப்பது இதைத்தான். மாதம் 72,000 என்றால் ஆண்டுக்கு 864,000 வெள்ளி. பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யவேண்டிய கட்டாய வரம்பு ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளி. இதுவரை அந்தக் கடை வரம்புக்குக் கீழே இருந்ததால் வரி வசூலிக்கவில்லை. அதே நிறுவனத்தின் பெயரில் பொங்கோல் கிளை திறந்தால் மொத்த விற்பனை 16 லட்சத்தைத் தாண்டும். பதிவு செய்யப்படுவது நிறுவனம், தனித்தனிக் கடைகள் அல்ல. ஆகவே முதல் கடையின் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் வரி கட்ட வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் விகிதம் 9%.

விலையை ஏற்றாமல் இருந்தால், கல்லாவில் விழும் 72,000க்குள்ளேயே வரி அடங்கியிருக்கும். 72,000ஐ 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் 5,945. சிலர் 72,000க்கு நேரடியாக 9% போட்டு 6,480 என்று எழுதுவார்கள், அது பிழை. பதிவு செய்த பின் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை ஈடுசெய்துகொள்ளலாம். ஆனால் வரிக்குப் பதியாத சிறு வியாபாரியிடம் வாங்கும் காய்கறிக்கும் மீனுக்கும் ஈடுசெய்ய எதுவும் இல்லை. மாதம் 1,500 திரும்பக் கிடைக்கும் என்று வைத்தால், முதல் கடை இழப்பது 4,445 வெள்ளி. புதிய கிளை கொண்டுவரும் 3,340ஐ அது முழுவதுமாக விழுங்கி, அலங்காரச் செலவைச் சேர்ப்பதற்கு முன்பே குடும்பத்தை மாதம் 1,105 வெள்ளி பின்னுக்குத் தள்ளும்.

மருமகள் பெயரில் தனி நிறுவனம் தொடங்கிவிடலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் வரியைத் தவிர்ப்பதற்காகச் செயற்கையாகப் பிரித்த வியாபாரங்களை ஒன்றாகக் கருதும் அதிகாரம் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு உண்டு. ஒரே சமையல் குறிப்பு, ஒரே பெயர்ப்பலகை, ஒரே ஆள் நிர்வாகம் என்றிருக்கும்போது அதைத் தீர்வாக எழுத முடியாது.

ஆள் கணக்கிலும் இதே போன்ற கண்ணி ஒன்று உண்டு. சேவைத் துறையில் வேலை அனுமதியில் வரும் வெளிநாட்டு ஊழியர்கள் மொத்த ஊழியரில் 35%க்கு மேல் போகக்கூடாது. ஆறு உள்ளூர் ஊழியர் இருந்தால் மூன்று வெளிநாட்டவர் வைக்கலாம். ஆறு வெளிநாட்டவர் தேவைப்பட்டால் உள்ளூர் ஊழியர் பன்னிரண்டு பேர் வேண்டும். உள்ளூர் ஊழியர் எண்ணிக்கை மத்திய சேம நிதிப் பங்களிப்பை வைத்தே கணக்கிடப்படுகிறது. சம்பளம் வாங்காமல் உழைக்கும் மகன் அதில் வரமாட்டான்.

இனி விலையை ஏற்றும் வழி. 10 வெள்ளிச் சாப்பாட்டை 10.90 ஆக்கினால் வரியை வாடிக்கையாளர் ஏற்கிறார், 1,500 ஈடு கூடுதலாகக் கிடைக்கிறது. 3,340உடன் சேர்த்தால் 4,840. அலங்காரச் செலவு 4,000 போக 840. ஆனால் முதல் கடையில் மூலப்பொருள் போக மிஞ்சுவது 50,000 என்பதால், வாடிக்கையாளரில் 1% குறைந்தால் 500 வெள்ளி போகும். 90 காசு கூடியதற்காகவோ, பொங்கோலிலேயே கிடைக்கிறது என்பதற்காகவோ, நூற்றுக்கு இரண்டு பேர் சிராங்கூன் சாலைக்கு வருவதை நிறுத்தினால் 1,000 வெள்ளி குறைந்து, அந்த 840 வெள்ளி லாபம் 160 வெள்ளி நட்டமாகிவிடும்.