யார் சொல்கிறார், யார் பார்க்கிறார்: ஐந்து வாக்கியக் கதையை வைத்து ஒரு பயிற்சி

மும்பை மாட்டுங்காவில் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலைந்து பேர் கூடிக் கதை படிப்போம். கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்று ஆராயும் எடுத்துரைப்பியலின் கலைச்சொற்களில் எல்லோரும் இடறுவது ஒரே இடத்தில்தான்: ‘நான்’ என்று கதை சொன்னால், பார்ப்பதும் அந்த ‘நான்’தான் என்று முடிவுகட்டிவிடுவது. அதைப் பிரித்துக் காட்ட தாராவியை வைத்து, ஒரு மகள் சொல்வதாக ஐந்து வாக்கியம் எழுதினேன்.

(1) ஆறு மணிக்கு அப்பா இட்லி அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு சந்தில் இறங்கினார். (2) முந்தின ராத்திரி அம்மா அழுத சத்தம் தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டிருந்தது. (3) மூலைக் குழாயடியில் நின்றார், திரும்பினார், அண்டாவை ஒரு கையால் பிடித்தபடி இன்னொரு கையை அசைத்தார், முகத்தில் எதுவும் இல்லை. (4) அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான். (5) எட்டு வருஷம் கழித்து அதே அண்டாவை நான் தூக்கினேன்.

படி 1: நடந்த வரிசையில் அடுக்குங்கள்

ஐந்து துண்டுச் சீட்டில் சீட்டுக்கொரு வாக்கியம் எழுதி, நிகழ்ச்சிகள் நடந்த வரிசையில் வையுங்கள். 2, 1, 3, 5 என்று வரும். இதுதான் கதைக்காலம். தாளில் இருக்கும் 1, 2, 3, 4, 5 எடுத்துரைப்புக்காலம். இரண்டும் பிசகுகிற இடத்துக்குப் பெயர் உண்டு. ராத்திரியைப் பிறகு சொல்லும் 2 ஒரு பின்னோக்கு.

4-ஆம் சீட்டு கையிலேயே நின்றுவிடும். அது புதிய நிகழ்ச்சி எதையும் சொல்வதில்லை. 3-இல் நடந்ததைப் பற்றி, பிற்பாடு தெரியவந்த ஒன்றைச் சொல்கிறது. அதனால் அது முன்னோக்கு. அதை ஓரமாக வையுங்கள், திரும்ப வருவோம்.

படி 2: நீளத்தை அளங்கள்

கதைக்காலத்தை நொடி, நாள், வருஷத்தில் அளக்கலாம். எடுத்துரைப்புக்காலத்துக்குக் கடிகாரம் கிடையாது. ஒருவர் வேகமாகப் படிப்பார், ஒருவர் எழுத்துக்கூட்டுவார். ஆகவே சொற்களை எண்ணுவதுதான் வழி. 3-இல் 14 சொற்கள், நடப்பதோ சில நொடி. நடக்கும் நேரமும் சொல்லும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வருவது காட்சி, இது அதற்கு நெருக்கமானது. 5-இல் ‘எட்டு வருஷம் கழித்து’ என்ற மூன்றே சொல்லில் எட்டு வருஷம் தாண்டப்படுகிறது. அந்த வருஷங்களில் நடந்த எதையும் கதை சொல்லவில்லை என்பதால் அது விடுபாடு. எட்டு வருஷத்தை ஒரு பத்தியில் சுருக்கிச் சொல்லியிருந்தால் அது தொகுப்புரை ஆகியிருக்கும். தாண்டுவதும் சுருக்குவதும் ஒன்றல்ல.

படி 3: குவிமையத்தைக் கண்டுபிடியுங்கள்

பிரெஞ்சு இலக்கியக் கோட்பாட்டாளர் ஜெரார் ஜெனெத் 1972-இல் பிரித்துவைத்த கேள்வி இது: யார் பேசுகிறார் என்பது வேறு, யார் பார்க்கிறார் என்பது வேறு. கதை யாருடைய பார்வைக்குள் நிற்கிறது என்பதுதான் குவிமையம். ‘பார்க்கிறார்’ என்ற சொல் போதாது, ‘உணர்கிறார்’ என்று விரிக்க வேண்டும் என்று 1983-இல் அவரே திருத்திக்கொண்டார். நம் 2-ஆம் வாக்கியத்தில் சிறுமி எதையும் பார்க்கவில்லை, கேட்கிறாள். அதுவும் குவிமையம்தான்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படிக் கேளுங்கள்: அந்த நேரத்தில், அந்த இடத்தில் நின்றவருக்கு இது தெரிந்திருக்க முடியுமா? 1, 2, 3 மூன்றும் அன்றைய சிறுமிக்குத் தெரியக்கூடியவை. இப்படிக் கதைக்குள் இருக்கும் ஒருவருக்குத் தெரிவதோடு நிற்பது அகக் குவிமையம்.

3-ஐப் பார்த்து, “அப்பா மனசுக்குள் போகவே இல்லையே, அப்போ புறக் குவிமையம்தானே?” என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். வழக்கமாக நடக்கிற தவறு. அப்பா வெளியிலிருந்து பார்க்கப்படுகிறார், சரி. ஆனால் பார்ப்பவள் மகள். ‘முகத்தில் எதுவும் இல்லை’ என்பது அவள் தேடிக் கிடைக்காத ஒன்று. புறக் குவிமையம் யார் மனசுக்குள்ளும் போகாது, அதில் மகள் மனசுக்கும் கதவு சாத்தியிருக்கும். ‘திரும்பி வருவதில்லை என்று அவர் முடிவெடுத்திருந்தார், மகளோ சாயங்காலம் வாங்கிவரும் பட்டாணிக்குக் காத்திருந்தாள்’ என்று எழுதினால், இரண்டு மனசும் கதைசொல்லிக்குத் தெரிகிறது. அது குவிமையமற்ற எடுத்துரைப்பு.

இப்போது ஓரமாக வைத்த 4. அன்றைய சிறுமிக்கு அது கடைசிப் பார்வை என்று தெரிய வழியே இல்லை. ‘நான்’ மாறவில்லை, ஆனால் அறிவு மாறிவிட்டது. பார்ப்பவள் சந்தில் நின்ற சிறுமி அல்ல, பல வருஷம் கழித்துச் சொல்கிறவள். காலவரிசையில் இடம் கிடைக்காத சீட்டுதான் குவிமையம் நகர்ந்த சீட்டும். முதலில் காலத்தைப் பிரித்துவிட்டுக் குவிமையத்துக்குப் போகச் சொல்வது இதனால்தான்.

ஆனால் எல்லாப் பிசகும் நகர்வு ஆகாது. 2-உம் வரிசை மாறியது, ஆனால் ராத்திரி கேட்டது காலையில் சிறுமிக்கு நினைவிருக்கும். குவிமையம் அவளிடமே நிற்கிறது. சோதித்துப் பார்க்க, 4-ஐ அடித்துவிட்டுப் படியுங்கள். குழாயடிக் கையசைப்பு தினசரி நடக்கிற ஒன்றாகத் தணிந்துவிடும்.

அந்தப் பெண் விடவில்லை. “அண்டாவை அப்பாதானே தூக்கிட்டுப் போனார், 5-இல் எப்படி வீட்டில் இருக்கு?” அண்டா திரும்பிய நாள் அந்த விடுபாட்டுக்குள் இருக்கிறது. சொல்கிறவளுக்கு அது தெரியும்.