படியேறுமுன் பத்து மூச்சு

அன்று தேயிலைத் தோட்டத்தில் எனக்கு அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம். ஈரத்துக்கென்று கொழுந்தின் நிறையில் கழித்துவிட்டார்கள். நனைந்த படங்கோடு லயத்துக்கு வந்தால் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை, மகள் கையில் போன். வாயைத் திறக்குமுன்பே பல் கடித்துக்கொண்டது, காது மடல் சுட்டது.

கோபத்தைத் தணிக்க முதல் படி, இந்தச் சூட்டைக் கண்டுகொள்வது. சிலருக்குக் கை இறுகும், சிலருக்குத் தொண்டை அடைக்கும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று போன சண்டையை நினைத்துப் பாருங்கள். சொல் வெளியே வருவதற்குச் சில நொடி முன்னதாகவே உடல் சொல்லிவிடும்.

அடுத்து, "கொஞ்ச நேரத்தில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டு முன்னால் இருக்கும் இஸ்தோப்புக்கு வாருங்கள். பேசாமல் போனால் அதுவே இன்னொரு சண்டைக்கு வித்து.

இப்போது மூச்சு. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: நெஞ்சு நிறைய வேகமாக இழுக்கிறார்கள். அதனால் கரியமிலவாயு தேவைக்கு மேல் வெளியேறி, தலை சுற்றும், விரல் நுனி மரக்கும். இழுப்பது சிறிதாக இருக்கட்டும். முதலில் உள்ளே இருக்கும் காற்றை மெல்ல விட்டுவிடுங்கள். பிறகு மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, சுடு தேநீரை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை விடுங்கள். வயிற்றில் வைத்த கை எழுந்து தாழ வேண்டும். தோள் உயர்ந்தால் மூச்சு நெஞ்சோடு நிற்கிறது என்று பொருள். ஒரு சுற்றுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். விடுவதை நீட்டச் சொல்வது அதனால்தான். தலை சுற்றினால் எண்ணுவதை விட்டு வழக்கம்போல் சுவாசியுங்கள்.

பத்து மூச்சு முடிந்தும் பல் இறுகியிருந்தால், இரு கைகளையும் ஐந்து நொடி முறுக்கிப் பிடித்து, சட்டென விடுங்கள். அன்று மூன்று முறை செய்தேன். பிறகு தண்ணீர் கொட்டும் பீலியில் முகம் கழுவினேன். மலைத்தண்ணீரின் குளிர் துடிப்பைக் குறைக்கும். இதய நோய் உள்ளவர்கள் இதை மட்டும் தவிர்க்கலாம்.

விறகு பிளந்தால் கோபம் தீரும் என்பார் எங்கள் மாமா. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 2024-இல் வெளியான, 150-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்த அமெரிக்க ஆய்வொன்றும், உடலைத் தணிக்கும் பயிற்சிகளே கோபத்தைக் குறைப்பதாகச் சொல்கிறது. துடிப்பை ஏற்றும் வேலைகள் பொதுவாகக் குறைப்பதில்லை.

முழுதாக இறங்க இருபது நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் "அவள் இப்படித்தான் எப்போதும்" என்று மனதுக்குள் வழக்காடினால் மறுபடி சூடேறும். பீலியின் சத்தத்தைக் கேட்டபடி இருங்கள்.

திரும்பிப் போய், "அடுப்பு ஏன் பற்றவில்லை?" என்று மட்டும் கேட்டேன். குரல் கொஞ்சம் கரகரத்துத்தான் வந்தது. "விறகு நனைந்துவிட்டது அம்மா" என்றாள். போனைப் பற்றி மறுநாள் பேசிக்கொண்டோம்.

கோபமில்லாத வேளையிலேயே பழகுங்கள். நான் தராசடியில் வரிசையில் நிற்கும்போது எண்ணுகிறேன். கை நீளும் அளவுக்குக் கோபம் போய்விடுகிறதென்றால் மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. 1926-க்கு அழையுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண்.