கெட்டுப்போன கீசருக்கு ரூம்மேட்டிடம் பங்கு கேட்கும் மெசேஜ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியில் டிசம்பர் பிறந்துவிட்டால் சேர்ந்து குடியிருக்கும் வீடுகளில் ஒரே மாதிரி சண்டை கிளம்புகிறது. கீசர் போய்விடும். அதை வாங்கியவர் அவசரத்தில் புதுசு வாங்கி மாட்டுவார். மறுநாள் ரூம்மேட்டுக்கு ஒரு மெசேஜ் போகும். பதில் வராது, அல்லது வரக்கூடாத பதில் வரும். முதல் முறையாக வீட்டைப் பகிர்பவர்கள் ஆண்டுதோறும் இதே மெசேஜை எழுதுகிறார்கள். மரியாதையாகக் கேளுங்கள், கோபத்தில் எழுதாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கெடுவது பெரும்பாலும் கணக்கில்தான்.

என்ன கெட்டது என்று தெரியாமலே கேட்பது

"கீசர் போச்சு" என்பது மூன்று வேறு விஷயங்களைக் குறிக்கலாம். தண்ணீர் சூடாகவில்லை என்றால் ஹீட்டிங் எலிமென்டோ தெர்மோஸ்டாட்டோ போயிருக்கும். அவை மாற்றக்கூடிய பாகங்கள். அதற்குத் தேய்மானக் கணக்கே வேண்டாம், ரிப்பேர் பில்லில் பாதி கேட்டால் முடிந்தது. தண்ணீர் சொட்டுகிறது என்றால், எங்கிருந்து சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மேலே தெரியும் பைப் ஜாயின்ட்டுகளைத் துணியால் நன்றாகத் துடைத்து, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஜாயின்ட் மறுபடி ஈரமானால் பைப்பில்தான் கோளாறு. ஜாயின்ட் காய்ந்திருந்து அடிமூடிக்குள்ளிருந்து சொட்டினால் மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்க்கட்டும். எலிமென்ட் உட்காரும் இடத்தில் உள்ள ரப்பர் கேஸ்கெட் என்றால் சின்னச் செலவு. உள்தொட்டியே துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் கீசர் முடிந்தது.

இந்தக் கடைசி வகையில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தொட்டிக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். தொட்டிக்குப் பதிலாக அது அரிபட்டுக் கரையும். அது தீர்ந்த பிறகு துரு தொட்டியைப் பிடிக்கும். கம்பியை இடையிடையே பார்த்து மாற்ற வேண்டும், ஆனால் அதைச் செய்கிற வீடு அபூர்வம். ஆகவே தொட்டி ஓட்டையானதற்கு ரூம்மேட் எத்தனை தடவை குளித்தார், எவ்வளவு நேரம் சுவிட்சை அணைக்க மறந்தார் என்பதைக் காரணம் காட்ட முடியாது. "நீங்கதான் ராத்திரியெல்லாம் போட்டு வெப்பீங்க" என்ற வரியை மெசேஜில் எழுதாதீர்கள். தண்ணீர் நிரம்பாத கீசரைப் போட்டு எலிமென்டைக் கருக்கியிருந்தால் அது வேறு கதை. அந்தச் செலவு முழுக்கப் போட்டவருடையது.

வாரண்டி கார்டைப் பார்க்காமல் கேட்பது

தொட்டிக்கான வாரண்டி தனி. மொத்த கீசருக்கு இரண்டு வருடம் முடிந்திருந்தாலும் தொட்டிக்கு ஐந்து, ஏழு என்று ஓடிக்கொண்டிருக்கலாம்.

புது விலையில் பாதி கேட்பது

மற்றத் தவறுகளை ஒரு டீயோடு சரிசெய்துவிடலாம். இது பணத்தையும் உறவையும் சேர்த்துக் கெடுக்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் கேட்பவர் நேர்மையாகத்தான் கேட்கிறோம் என்று நம்பிக் கேட்கிறார்.

ஃபிங்கர்போஸ்ட் பக்கம் ஒரு வாடகை வீடு. இரண்டு பெண்கள். இளையவர் 2020 செப்டம்பரில் 15 லிட்டர் கீசரை 7,680 ரூபாய்க்கு வாங்கி மாட்டினார். மூத்தவர் 2024 ஜூனில் மாற்றலாகி வந்து சேர்ந்தார். வந்த அன்றே, பொதுவில் புழங்கும் பொருள் எது கெட்டாலும் பாதிப்பாதி என்று பேசிக்கொண்டார்கள். 2025 டிசம்பரில் தொட்டி ஓட்டை. தொட்டி வாரண்டி ஐந்து வருடம், அது மூன்று மாதம் முன்புதான் முடிந்திருந்தது. புது கீசர் 9,200 ரூபாய், மாட்டக் கூலி 400. போன மெசேஜ் இதுதான்:

"அக்கா, கீசர் போயிடுச்சு, புதுசு வாங்கிட்டேன். 9,600 ஆச்சு. உங்க பங்கு 4,800, இன்னிக்கு ஜிபே பண்ணிடுங்க."

அக்கா பணத்தை அனுப்பினார். ஏப்ரலில் அவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. கிளம்பும்போது, "கீசர்ல என் பாதி என்னாச்சு?" என்று கேட்டார். பேச்சு அங்கே நின்றது.

அந்த மெசேஜில் இரண்டு கணக்குகள் ஒன்றாகக் குழைந்திருக்கின்றன. பழைய கீசரின் ஆயுள் பாதியில் போன நஷ்டம் ஒன்று. புது கீசர் இனி உழைக்கப்போகும் உழைப்பு இன்னொன்று. முதலாவதில் அக்காவுக்குப் பங்கு உண்டு, அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். இரண்டாவதில் அவர் இருக்கும் மாதங்களுக்கு மட்டுமே பங்கு. பாதி விலையை முழுதாகக் கொடுத்தால் அவர் புது கீசரில் பாதிக்குச் சொந்தக்காரர் ஆகிறார். கிளம்பும்போது மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். அதை யாரும் மெசேஜில் எழுதுவதில்லை.

பழையதன் கணக்கைப் பார்ப்போம். இந்த கீசர் எட்டு வருடம், அதாவது 96 மாதம் ஓடும் என்று வைத்துக்கொண்டால் 7,680 ரூபாய் மாதம் 80 ரூபாயாகத் தேய்கிறது. 2020 செப்டம்பரிலிருந்து 2025 டிசம்பர் வரை 63 மாதம் ஓடிவிட்டது. அந்த உழைப்பு முடிந்துபோனது, அதற்குப் பின்னோக்கிக் காசு கேட்பது முறையல்ல. மிச்சம் 33 மாதம், 2,640 ரூபாய். காயலான் கடைக்காரர் பழைய உடம்புக்கு 240 ரூபாய் கொடுத்தார். அதைக் கழித்தால் நஷ்டம் 2,400. பாதி 1,200. மெக்கானிக் வந்து பார்த்த கூலி 300-ல் பாதி 150. மொத்தம் 1,350 ரூபாய். கேட்டது 4,800.

புதியது இளையவர் பேரிலேயே இருக்கட்டும். 9,600 ரூபாயை அதே 96 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 100, ஒருவருக்கு 50. அக்கா ஏப்ரலோடு கிளம்பினால் நான்கு மாதத்துக்கு 200 ரூபாய். முன்பு வாங்கிய 4,800-ஐ முழுக்கப் புதியதற்கான பங்கு என்று எடுத்துக்கொண்டால், இந்த 200 போக 4,600 ரூபாய் திருப்பித் தர வேண்டியிருக்கும். பழையதன் 1,350-ஐயும் அதிலேயே கழித்தால்கூட 3,250. கையில் அந்தப் பணம் இல்லாத மாதக் கடைசியில்தான் பெரும்பாலும் மாற்றல் வரும்.

போயிருக்க வேண்டிய மெசேஜ் இப்படி:

"அக்கா, கீசர் விஷயம். நேத்து மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தார். உள்தொட்டி துருப்பிடிச்சு ஓட்டையாயிடுச்சு, ரிப்பேர் பண்ண முடியாதுன்னுட்டார். நம்ம ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல. தொட்டி வாரண்டியும் செப்டம்பர்ல முடிஞ்சிருச்சு. 2020 செப்டம்பர்ல 7,680-க்கு வாங்கினது, பில் போட்டோ அனுப்பியிருக்கேன். எட்டு வருஷம்னு வெச்சா மாசம் 80. 63 மாசம் ஓடியிருக்கு, மிச்சம் 33 மாசத்துக்கு 2,640. பழசை 240-க்குப் போட்டேன், போக 2,400. நாம பேசினபடி உங்க பாதி 1,200, மெக்கானிக் கூலில 150, ஆக 1,350. புதுசு என் செலவுதான், என்கிட்டயே இருக்கும். அதுக்கு நீங்க இங்க இருக்கிற வரைக்கும் மாசம் 50 வாடகையோட சேர்த்துக் கொடுங்க, போதும். கணக்குல ஏதாவது சரியில்லன்னா சொல்லுங்கக்கா, உக்காந்து பார்த்துக்கலாம். சம்பளம் வந்தப்புறம் கொடுத்தா போதும்."

நீளமாக இருக்கிறதே என்று சுருக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணும் அடுத்த கேள்வியைத் தடுக்கிறது. "நம்ம ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல" என்ற வரியை எடுத்துவிட்டால் மீதி முழுவதும் குற்றப்பத்திரிகை போலத் தெரியும். "நாம பேசினபடி" என்பதும் முக்கியம். அப்படி எதுவும் பேசியிருக்காவிட்டால், ஒருவர் வாங்கிய பொருள் தானாகக் கெட்டதன் நஷ்டம் வாங்கியவருடையதே. அப்போது 1,350-ஐக் கடனாகக் கேட்க முடியாது, "முடிஞ்சா பகிர்ந்துக்கலாமா?" என்று மட்டும்தான் கேட்கலாம். இருவரும் முதலிலேயே சேர்ந்து காசு போட்டு வாங்கியதென்றால், பழையதற்கு யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. ஆளுக்குப் பாதி நஷ்டம் ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது. காயலான் காசைப் பிரித்துக்கொண்டு புதியதைப் பற்றிப் பேசுங்கள்.

ஆயுளை வசதிக்கு இழுப்பது

எட்டு வருடத்துக்குப் பதில் பத்து என்று போட்டுப் பாருங்கள். மாதத் தேய்மானம் 64 ஆகும், மிச்சம் 57 மாதத்துக்கு 3,648 ரூபாய். காயலான் காசு போக 3,408, பாதி 1,704. ஒரே கீசர், ஒரே ஓட்டை, 504 ரூபாய் கூடிவிட்டது. கீசர் பத்து வருடம் ஓடுவதும் உண்டு, ஆகவே இது பொய்க் கணக்கில்லை. ஆனாலும் காசு கேட்பவர் தனக்குக் குறைவாக வரும் ஆயுளைத்தான் எடுக்க வேண்டும். எதிரில் இருப்பவர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தால், எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறோம் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வியாபாரக் கணக்கில் இயந்திரங்களுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் கழிக்கும் வருமானவரி முறையை இங்கே இழுத்து வருபவர்களும் உண்டு. அது வரிக்காக, குளியலறைக்காக அல்ல.

கணக்கைத் தொடங்கும் விலை பில்லில் இருக்கும் விலை. பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி அல்ல, இஎம்ஐ வட்டி சேர்ந்த தொகையும் அல்ல, இன்றைய கடை விலையும் அல்ல. பில் தொலைந்திருந்தால் ஆன்லைன் ஆர்டர் விவரத்திலோ வங்கி ஸ்டேட்மென்டிலோ தேடி எடுங்கள்.

வாங்கிய பிறகு சொல்வது

தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாக உறைந்திருக்கும் வாரத்தில் வெந்நீர் இல்லாமல் இரண்டு நாள் காத்திருக்க யாராலும் முடியாது, உடனே வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் கடைக்குக் கிளம்பும் முன் "தொட்டி போயிடுச்சு, இன்னிக்கே புதுசு வாங்கறேன், என் பேர்லயே வாங்கிக்கறேன், பழசோட கணக்கு அப்புறம் அனுப்பறேன்" என்று ஒரு வரி போதும். 25 லிட்டரா 15 லிட்டரா என்று அவர் கேட்க நினைத்தால் அப்போதே கேட்பார். பெரியதை வாங்கிவிட்டு அதன் விலையில் மாதப் பங்கு பிரிப்பதும் நியாயமில்லை. கூடுதல் கொள்ளளவு வாங்கியவரின் விருப்பம். மாதக் கணக்கைப் பழைய அளவு கீசரின் விலைக்கே போடுங்கள்.

வீட்டுக்காரரின் கீசர்

வாடகை ஒப்பந்தத்தில் பொருள் பட்டியலைப் பாருங்கள். அதில் கீசர் இருந்தால் மெசேஜ் போக வேண்டியது வீட்டுக்காரருக்கு.

குரூப்பில் போடுவது

வேண்டாம்.

பணம் வந்த பிறகு மெசேஜை மறப்பது

புது பில்லின் போட்டோவையும், மாதம் 50 எப்போது தொடங்கியது என்பதையும் அதே உரையாடலில் போட்டு வையுங்கள். "2025 டிசம்பர் கடைசி, 9,600, 96 மாசம், என் பேர்ல; உங்க 50 ஜனவரில இருந்து" என்ற அளவு போதும். அக்கா ஏப்ரலில் கிளம்பும்போது திருப்பித் தர எதுவும் இருக்காது. அடுத்து வருபவர் மே மாதத்திலிருந்து அதே 50-ஐக் கொடுப்பார். இந்த கீசரும் ஒருநாள் சொட்டத் தொடங்கும்போது, எத்தனை மாதம் ஓடியது என்பதை அந்த வரியிலிருந்தே எண்ணிவிடலாம்.