விறைத்துப்போன லெதர் ஜாக்கெட் காலர் இளகிய கதை

என் லெதர் ஜாக்கெட்டின் காலர் அட்டை மாதிரி விறைத்திருந்தது. தோலை மென்மையாக்கும் லெதர் கண்டிஷனரைத் திரும்பத் திரும்பத் தடவியும் பிசுபிசுப்புதான் மிஞ்சியது. வெயிலில் வைத்தபோது இன்னும் இறுகியது.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். முதுகுப் பக்கம் மெல்ல ஊறியது, காலரில் முத்தாக நின்றது. வியர்வையும் தலை எண்ணெயும் படிந்த படலம்தான் கண்டிஷனரை உள்ளே விடவில்லை.

தோல் பொருட்களைச் சுத்தம் செய்யும் சேடில் சோப்பை ஈரத்துணியில் நுரைத்து, மடிப்பை விரித்துத் துடைத்தேன். சோப்பு போக இன்னொரு ஈரத்துணி. இரவு முழுக்க நிழலில் உலர்ந்தபின் கண்டிஷனரை மெல்லிசாகத் தேய்த்து, சில மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தேன். காலர் இளகியது, அப்பாடா! வெல்வெட் போன்ற மேற்பரப்புள்ள ஸ்வேட் தோலுக்கு இது ஆகாது.

இப்போது அகலமான ஹேங்கரில், பருத்தித் துணி உறைக்குள் தொங்குகிறது. பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைத்துப் பூஞ்சையை வரவழைக்கும். ஏற்கெனவே வெடித்த தோல் மட்டும் கண்டிஷனரால் ஒட்டாது.