மருந்துக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதும்போது அளவு மாறிவிடும் இடங்கள்

வெளிநாட்டில் பிள்ளைகளுடன் சில மாதங்கள் தங்கப் போகும் பெற்றோருக்கு, அங்குள்ள மருத்துவர் படிக்கும்படி மருந்து விவரங்களை ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கமாக எழுதித் தர வேண்டியிருக்கிறது. நம் கையில் இருப்பதோ வீட்டு நோட்டிலும் மருந்துக் கடைக் கவரிலும் தமிழில் எழுதிய ‘சுகர் மாத்திரை கா 1, இ 1, சா.மு.’ போன்ற குறிப்புகள்தாம். அதை எழுதியவருக்கு எல்லாம் விளங்கும். மொழிபெயர்ப்பவர் ஊகித்து நிரப்பும் இடங்களில்தான் அளவு மாறுகிறது.

முதல் தவறு, நோட்டில் உள்ள வணிகப் பெயரை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவிடுவது. ‘கிளைகோமெட் ஜிபி 1’ என்ற சர்க்கரை மாத்திரையின் பெயரை அயல்நாட்டு மருத்துவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பெயரிலுள்ள 1 என்ற எண், மாத்திரையில் சேர்ந்துள்ள இரு மருந்துகளில் ஒன்றான கிளிமிபிரைடின் மில்லிகிராம் அளவை மட்டுமே குறிக்கிறது. அதனுடன் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் சேர்ந்திருப்பது பெயரில் தெரியாது. அதே மருந்தின் ‘ஃபோர்ட்’ வகையில் மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் உண்டு; வீட்டு நோட்டுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அந்த ஒரு சொல்தான். ஆகவே நோட்டைப் பார்த்து எழுதாமல், இப்போது சாப்பிட்டுவரும் அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள சேர்மானத்தைப் பார்த்து, மெதுவாகக் கரையும் வகை என்று அங்கே இருந்தால் அதையும் சேர்த்து எழுத வேண்டும்.

```
Metformin 500 mg prolonged-release + glimepiride 1 mg
One combined tablet. Indian brand: Glycomet GP 1
1 tablet before breakfast, 1 tablet before dinner
```

‘தைராய்டு 50’ என்ற குறிப்பில் அலகே இல்லை. மற்ற வரிகளில் மி.கி. என்று இருப்பதால் இதற்கும் அதையே போட்டுவிட்டால் அளவு ஆயிரம் மடங்காகிவிடும். தைராய்டுக்குத் தரும் லெவோதைராக்ஸின் மைக்ரோகிராமில் தரப்படும் மருந்து. `micrograms` என்று சுருக்காமல் முழுச் சொல்லாக எழுதுவதே பாதுகாப்பு.

மிகுந்த கவனம் தேவைப்படுவது இன்சுலின் வரிதான். நம் ஊரில் புட்டியில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. அதற்குச் சிவப்பு மூடியுள்ள 40 அளவு ஊசி. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் வழக்கமாகக் கிடைப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்து. நோட்டில் ‘இன்சுலின் காலை 24’ என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். 40 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 24 கோடு வரை இழுத்தால் உடலில் செல்வது 24 யூனிட். அந்த எண்ணை அப்படியே எழுதலாம். ஆனால் கடையில் ஆரஞ்சு மூடியுள்ள 100 அளவு ஊசியைத் தந்து, அதிலேயே 24 கோடு வரை இழுத்துப் பழகியிருந்தால், உள்ளே போவது 0.24 மில்லி, அதாவது 9.6 யூனிட் மட்டுமே. அந்த அளவில் சர்க்கரை கட்டுப்பட்டிருந்த ஒருவருக்கு, அயல்நாட்டு மருத்துவர் சுருக்கத்தை நம்பி உண்மையாகவே 24 யூனிட் கொடுத்தால், அது இரண்டரை மடங்கு. சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். எனவே மருத்துவர் எழுதிய யூனிட், புட்டியில் அச்சிட்டுள்ள செறிவு, ஊசியின் வகை, இழுக்கும் கோடு ஆகிய நான்கையும் குறிப்பிட வேண்டும். ‘அரை மில்லி’ என்று மட்டும் எழுதுவது கூடவே கூடாது. அது இங்கே 20 யூனிட், அங்கே 50 யூனிட். புட்டியும் ஊசியும் பொருந்தவில்லை என்று தெரியவந்தால், எண்ணை நாமே திருத்தாமல், பயணத்துக்கு முன்பே இங்குள்ள மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. நோட்டில் ‘செ 4’ என்று இருப்பது, செவ்வாயன்று 2.5 மில்லிகிராம் மாத்திரை நான்கு என்பதன் சுருக்கமாக இருக்கலாம். அந்தச் ‘செ’ விடுபட்டுத் தினமும் நான்கு என்றாகிவிட்டால் உயிருக்கே ஆபத்து. சாப்பிடுபவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, `10 mg once a week, on Tuesdays only` என்று எழுத வேண்டும்.

எழுத்து புரியாத இடத்தில் பொருத்தமாகத் தோன்றும் எண்ணை நிரப்பாமல், `illegible in original` என்று எழுதி அந்தப் பக்கத்தின் படத்தை இணைப்பதே சரி. நிறுத்திய மருந்துகளை, நிறுத்திய தேதியுடன் தனித் தலைப்பில் கொடுக்க வேண்டும். 03/04 என்பது அமெரிக்காவில் மார்ச் 4 ஆகிவிடும் என்பதால் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுத வேண்டும். எழுதி முடித்தபின், நோட்டைப் பார்க்காத இன்னொருவர் ஆங்கிலச் சுருக்கத்தை வரி வரியாகத் தமிழில் சொல்ல, மருந்து சாப்பிடுபவர் தம் அட்டைகளையும் ஊசியையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கட்டும்.